வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் அந்தக் கூடுதல் ஆயிரம் ரூபாய் யாருக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகனைப் பார்க்க துபாய் போயிருந்தேன். தேராவில் ஒரு கடையில் 1,000 திர்ஹாமுக்கு கார்டு தேய்த்தேன். அன்றைக்கு கூகுளில் ஒரு திர்ஹாம் 22.92 என்று காட்டியது. வங்கியோ ரூ.23,949.90 எடுத்திருக்கிறது. எங்கே இடிக்கிறது? (கீழக்கரை)

எங்கும் தவறு நடக்கவில்லை. கூகுள் கணக்குப்படி ரூ.22,920 ஆகியிருக்க வேண்டும், கூடுதலாகப் போனது ரூ.1,029.90. இது மூன்று கைகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது.

கூகுளில் தெரிவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண். அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் திர்ஹாம் தரமாட்டார்கள். உங்கள் கார்டில் விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று எழுதியிருக்கும் அல்லவா, அந்த நெட்வொர்க் தனக்கென்று ஒரு ரேட் வைத்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது 23.00 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் திர்ஹாமுக்கு ரூ.23,000. கூகுளோடு ஒப்பிட்டால் இங்கே வித்தியாசம் 80 ரூபாய்தான்.

அடுத்து உங்கள் வங்கி வருகிறது. அந்த 23,000-க்கு மேல் 3.5% மார்க்கப் போடுகிறது. அது ரூ.805. இந்த 805 ஒரு சேவைக் கட்டணம் என்பதால் அதற்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. அது ரூ.144.90. வரி 805-க்கு மட்டும்தான், 23,000-க்கு இல்லை. ஆக 80, 805, 144.90 மூன்றையும் கூட்டினால் 1,029.90 வந்துவிடுகிறது. 3.5% என்று வங்கி சொல்லும்போது உங்கள் கையிலிருந்து போவது 4.13% என்பதை நினைவில் வையுங்கள்.

(23.00 என்பது கணக்குப் பார்ப்பதற்காக நான் எடுத்துக்கொண்ட ரேட். கீழேயும் இதையே வைத்துப் பேசுகிறேன். நீங்கள் போகும் நாளில் ரேட் வேறாக இருக்கும், விகிதம் மாறாது.)

நெட்வொர்க் ரேட் என்கிறீர்களே, அதை முன்கூட்டியே பார்க்க முடியுமா? வங்கிக்கு வங்கி மாறுமா?

பார்க்கலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் தங்கள் இணையதளத்தில் கரன்சி கால்குலேட்டர் வைத்திருக்கின்றன. எந்தக் கரன்சியில் செலவு (`AED`), கார்டு எந்தக் கரன்சி (`INR`), எந்தத் தேதி என்று கொடுத்தால் அன்றைய ரேட் வரும். வங்கிக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று கேட்கும் ஒரு கட்டமும் இருக்கும். முதலில் அதில் 0 போட்டுப் பாருங்கள். அப்போதுதான் நெட்வொர்க்கின் ரேட் தனியாகத் தெரியும்.

ஒரே நாளில், ஒரே நெட்வொர்க்கில், எந்த வங்கியின் கார்டாக இருந்தாலும் இந்த அடிப்படை ரேட் ஒன்றுதான். விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் இடையே சில பைசா வித்தியாசம் இருக்கலாம், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வங்கிக்கு வங்கி, ஏன் ஒரே வங்கியில் கார்டுக்குக் கார்டு மாறுவது மேலே ஏறும் மார்க்கப் மட்டுமே. நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான்.

நம் கடற்கரை ஊர்களில் ஒரு குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிப் பழகிய நமக்கு "ரேட் கூடியிருக்கா?" என்று கேட்டே பழக்கம். அங்கிருந்து இங்கே அனுப்பும்போது ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய் கூடுகிறதோ அத்தனை நல்லது. இந்தியக் கார்டை அங்கே தேய்ப்பது இதற்கு நேர் எதிர். நீங்கள் ரூபாயைக் கொடுத்துத் திர்ஹாம் வாங்குகிறீர்கள், ரேட் குறைந்தால்தான் லாபம். ஆகவே பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் எழுதிப்போட்ட ரேட்டைக் கார்டு ரேட்டோடு ஒப்பிட்டு "வங்கி ஏமாற்றிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். அது எதிர்த்திசைக்கான ரேட்.

என் ஸ்டேட்மெண்டில் மார்க்கப் என்று தனி வரியே இல்லை. ஒரே தொகைதான் இருக்கிறது. அப்படியானால் என் வங்கி எடுக்கவில்லையா? (தொண்டி)

எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கிரெடிட் கார்டுகளில் பொதுவாக முதல் வரியில் 23,000, அதற்குக் கீழே கட்டணம் 805, அதற்கும் கீழே `IGST` 144.90 என்று பிரித்துக் காட்டுவார்கள். சில வங்கிகளில் இந்தக் கட்டண வரி வேறொரு நாள் தேதியில் வந்து நிற்கும், எந்தச் செலவுக்கு உரியது என்று தேட வேண்டியிருக்கும். டெபிட் கார்டுகளில் பல வங்கிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கழித்துவிடுகின்றன.

எப்படிக் காட்டினாலும் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். அந்தச் செலவுக்காகப் போன மொத்த ரூபாயை எடுங்கள். கட்டண வரிகள் தனியாக வந்திருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைத் திர்ஹாம் தொகையால் வகுங்கள். 23,949.90-ஐ 1,000-ஆல் வகுத்தால் 23.95. அதைக் கால்குலேட்டர் காட்டிய அன்றைய நெட்வொர்க் ரேட்டால் மறுபடியும் வகுங்கள். 23.95-ஐ 23.00-ஆல் வகுத்தால் 1.0413 வருகிறது.

இந்த எண்ணைப் பார்த்தால் வங்கியின் விகிதம் தெரிந்துவிடும். 1.0413 வந்தால் 3.5% மார்க்கப்பும் வரியும். 1.0354 வந்தால் 3%. 1.0236 வந்தால் 2%. 1-ஐ ஒட்டி வந்தால் மார்க்கப் இல்லாத கார்டு. 1.07, 1.10 என்று போனால் வேறு ஏதோ நடந்திருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

இதைச் சின்ன பில்லில் செய்து பார்க்க வேண்டாம். 5 திர்ஹாம் தேநீர் பில்லில் பைசா முழுமையாக்குவதிலேயே கணக்கு ஆடிவிடும். பெரிய பில்லாக எடுங்கள். தேதி ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் மூன்றாவது தசம இடம் அசையும். 2 சதவீதமா 3.5 சதவீதமா என்று பிரித்தறிய அது தடையாகாது.

வாப்பாவின் கார்டு ஸ்டேட்மெண்டில் 1,000 திர்ஹாம் என்று போடாமல் 272.29 டாலர் என்று போட்டிருக்கிறது. டாலரில் எதுவுமே வாங்கவில்லையே? (பெரியபட்டினம்)

பயப்படாதீர்கள். சில வங்கிகள் தங்கள் கார்டு விதிமுறைகளிலேயே, மற்றக் கரன்சிகள் முதலில் டாலராகி அப்புறம் ரூபாயாகும் என்று எழுதி வைத்திருக்கின்றன. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரகம் நிலையாகக் கட்டி வைத்திருக்கிறது. 1,000-ஐ 3.6725-ஆல் வகுத்தால் 272.29. உங்கள் ஸ்டேட்மெண்டில் இருப்பது அதேதான்.

திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் இந்த இரண்டு படி மாற்றத்தில் பெரிய நஷ்டம் வராது. சவூதி ரியாலுக்கும் அப்படியே, அது டாலருக்கு 3.75. மலேசிய ரிங்கிட், சிங்கப்பூர் டாலர் மாதிரி தினமும் ஏறி இறங்கும் கரன்சிகளில் இரண்டு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் தேயலாம். அங்கே போய் வந்தவர்கள் மேலே சொன்ன வகுத்தலை நேரடி ரேட்டை வைத்தே செய்து பாருங்கள். தேய்மானமும் சேர்ந்தே விடையில் வந்துவிடும்.

தேய்த்தவுடன் வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு தொகை, இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்டேட்மெண்டில் வேறு தொகை. எது சரி?

ஸ்டேட்மெண்டில் இருப்பதுதான் இறுதி. தேய்க்கும் நேரத்தில் வங்கி அனுமதி கொடுத்து, அப்போதைய மதிப்பில் ஒரு தொகையைப் பிடித்து மட்டும் வைக்கிறது. கடையின் வங்கி கணக்கை அனுப்பி, நெட்வொர்க் அதைக் கையாளும்போதுதான் பணம் உண்மையில் நகர்கிறது. அதற்குள் ரேட் 23.00-லிருந்து 23.07 ஆகியிருந்தால் 1,000 திர்ஹாமுக்கு 70 ரூபாய் கூடும். குறைந்திருந்தால் உங்களுக்கு மிச்சம். மார்க்கப் பெரும்பாலும் இந்த இறுதிக் கட்டத்தில்தான் ஏறும் என்பதால் எஸ்.எம்.எஸ். தொகையில் அது இல்லாமலும் இருக்கலாம்.

ஓட்டலில் அறை எடுக்கும்போதும் கார் வாடகைக்கு எடுக்கும்போதும் இது கண்கூடாகத் தெரியும். பிடித்து வைத்த தொகை பெரியதாக இருக்கும், இறுதி பில் சின்னதாக வரும். வகுத்துப் பார்க்க எஸ்.எம்.எஸ். தொகையை எடுக்காதீர்கள்.

கடைக்காரர் மிஷினைத் திருப்பிக் காட்டி "ரூபாயா, திர்ஹாமா?" என்றார். நம்ம ஊர்க் காசு என்றால் வங்கி மாற்றவே வேண்டாமே, மார்க்கப் மிச்சம் என்று ரூபாயை அழுத்தினேன். சரிதானே? (கீழக்கரை)

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மிஷின் ரூபாயில் தொகை காட்டும்போது உங்கள் வங்கியும் நெட்வொர்க்கும் ரேட் போடுவதில்லை. அந்தக் கடையின் வங்கியும், அதோடு ஒப்பந்தம் போட்ட இன்னொரு நிறுவனமும் ரேட் போடுகின்றன. அதில் அவர்கள் தங்கள் லாபத்தை வைத்திருப்பார்கள். பல இடங்களில் கடைக்கும் ஒரு பங்கு உண்டு, அதனால்தான் சில கடைக்காரர்கள் ரூபாயை அழுத்தச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். சுருக்கமாக டி.சி.சி.

நம் 1,000 திர்ஹாமையே எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க் ரேட்டில் 23,000. மிஷின் 6% ஏற்றி ரூ.24,380 என்று காட்டுகிறது. இதுவே 3.5% கார்டில் திர்ஹாமில் தேய்த்தால் ஆகும் 23,949.90-ஐ விட 430 ரூபாய் அதிகம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ரூபாயில் எடுத்தாலும் கடை இருப்பது வெளிநாட்டில். அதனால் பல வங்கிகள் இதற்கும் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. 1% என்றால் ரூ.243.80, அதற்கு வரி 43.88, மொத்தம் ரூ.24,667.68 ஆகிவிடும். முழு மார்க்கப்பையும் இதன் மேலேயே போடும் வங்கியாக இருந்தால் 3.5 சதவீதமும் வரியும் சேர்ந்து ரூ.25,386.89. வகுத்துப் பாருங்கள், முதலாவதற்கு 1.0725 வரும், இரண்டாவதற்கு 1.1038. ஸ்டேட்மெண்டில் திர்ஹாம் தொகையே இல்லாமல் ரூபாய் மட்டும் இருந்து, விடை இப்படிப் பெரிதாக வந்தால் டி.சி.சி.யில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

திரையில் `AED`, `INR` இரண்டும் தெரிந்தால் `AED`-ஐத் தொடுங்கள். கடைக்காரர் உங்களைக் கேட்காமல் தானே ரூபாயை அழுத்திவிட்டால் அங்கேயே நின்று ரத்து செய்யச் சொல்லி, திர்ஹாமில் மறுபடி போடச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உம்ராவுக்குப் போகும் வயதானவர்களுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அவசரத்திலும் கூட்டத்திலும் அவர்கள் பழகிய ரூபாய்க் குறியைத்தான் விரல் தேடும்.

நான் ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆட்கள் கார்டு கொடுத்தால் என் மிஷினும் இப்படிக் கேட்கிறது. எதை அழுத்துவது?

நீங்கள் அழுத்தாதீர்கள், அண்ணாச்சி. மிஷினை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். தேர்வு கார்டுக்காரருடையது, கேட்காமல் அவர்கள் நாட்டுக் காசில் எடுத்தால் பின்னால் அவர் தன் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற முடியும். அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படும். அவர் ரூபாயைத் தொட்டாலும் பவுண்டைத் தொட்டாலும் பொருளுக்கு நீங்கள் போட்ட ரூபாய் விலை உங்களுக்கு வந்துவிடும். வெளிநாட்டுக் கார்டுக்கு உங்கள் வங்கி பிடிக்கும் கழிவு உள்நாட்டுக் கார்டைவிடக் கூடுதலாக இருக்கும், அது தனிக் கணக்கு.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் 1,000 திர்ஹாமும் முழுசாகத் தந்துவிட்டார். கணக்கில் 22,850 ரூபாய்தான் வந்திருக்கிறது. (மண்டபம்)

கடைக்காரர் திர்ஹாம் கணக்கில் சரியாகத்தான் தந்திருக்கிறார். திரும்பி வரும் பணம் வரும் நாளின் ரேட்டில் மாறுகிறது. அதுவும் நீங்கள் பொருள் வாங்கியபோது போட்ட, திர்ஹாமை விற்கும் விலையில் இல்லை, திர்ஹாமைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் விலையில். அதனால் சந்தை அசையாமல் இருந்தாலும்கூடக் கொஞ்சம் குறையும். உங்களுக்கு 22.85 கிடைத்திருக்கிறது, அதில் போனது 150 ரூபாய்.

பெரிய அடி மார்க்கப்பில்தான். வாங்கியபோது எடுத்த 805-ஐயும் வரி 144.90-ஐயும் பல வங்கிகள் திருப்பித் தருவதில்லை. சேர்த்துப் பார்த்தால் எதுவும் வாங்காமலேயே ரூ.1,099.90 போயிருக்கிறது. சில வங்கிகள் கேட்டால் மார்க்கப்பைத் திருப்புகின்றன, எழுதிக் கேட்டுப் பாருங்கள். அளவு சரியா என்று சந்தேகம் இருக்கும் துணிக்கும் செருப்புக்கும் ரொக்கம் கொடுப்பதே உத்தமம்.

வீட்டில் உட்கார்ந்து ஒரு ஆப்புக்கு ரூபாயில்தான் சந்தா கட்டினேன். அதற்கும் மார்க்கப் வந்திருக்கிறது!

விலை ரூபாயில் இருந்தாலும் பணம் வாங்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் நெட்வொர்க் அதை எல்லை தாண்டிய செலவாகவே பார்க்கும். மிஷினில் ரூபாய் அழுத்தியதற்குச் சொன்ன அதே கட்டணம்தான் இதுவும். ஸ்டேட்மெண்டில் அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊர், எந்த நாடு என்று இருக்கிறதா பாருங்கள், விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கார்டா, இங்கேயே திர்ஹாம் மாற்றிக்கொண்டு போவதா? எது லாபம்? (ஏர்வாடி)

மாற்றிக் கொடுக்கும் கடையில் ஒரு திர்ஹாமை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள், எல்லாக் கட்டணமும் சேர்த்து. 23.45 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கார்டு 3.5 சதவீதமாக இருந்தால் அது 23.95-க்கு வாங்கித் தருகிறது, ரொக்கம் மேல். 2% கார்டாக இருந்தால் 23.54, அப்போதும் ரொக்கம் ஒன்பது பைசா மேல். ஆனால் ஒன்பது பைசாவுக்காகக் கத்தை நோட்டைச் சுமந்து திரிவதா என்பது உங்கள் முடிவு. மார்க்கப் இல்லாத கார்டு என்றால் 23.00, அதற்கு முன்னால் எதுவும் நிற்காது. அடிக்கடி போய் வரும் குடும்பம் அப்படி ஒரு கார்டு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஃபாரெக்ஸ் பிரீபெய்டு கார்டில் திர்ஹாம் ஏற்றினால் தேய்க்கும்போது மார்க்கப் இருக்காது. வங்கியின் லாபம் ஏற்றும் ரேட்டிலேயே இருக்கிறது. அதில் டாலரை ஏற்றிவிட்டுத் திர்ஹாமில் செலவு செய்தால் கரன்சி மாற்றக் கட்டணம் தனியாக வரும்.

ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதற்கு மார்க்கப் தவிர ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணம் உண்டு. அந்த ஊர் ஏ.டி.எம். வங்கியும் தன் பங்குக்கு ஒன்று பிடிக்கலாம். கிரெடிட் கார்டில் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும், அவசரம் இல்லையென்றால் வேண்டாம். அங்கேயும் திரை ரூபாயில் மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னாலும் பணம் வரும், தயங்காதீர்கள்.

இன்னொன்று, கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன.

வகுத்துப் பார்த்தேன், வங்கி சொன்ன விகிதத்தைவிடக் கூடுதலாக வருகிறது. யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கார்டுக்கான விதிமுறைத் தாளை வங்கியின் தளத்தில் எடுங்கள். `MITC` என்ற பெயரில் இருக்கும். அதில் வெளிநாட்டுச் செலவுக்கான மார்க்கப் எத்தனை என்பதும், ரூபாயில் எடுத்தால் எத்தனை என்பதும் எழுதியிருக்கும். அப்புறம் வங்கிக்கு எழுதுங்கள். "அதிகமாக எடுத்துவிட்டீர்கள்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். கடை பில்லில் உள்ள திர்ஹாம் தொகை, கணக்கில் ஏறிய தேதி, அன்றைய நெட்வொர்க் ரேட்டின் ஸ்கிரீன்ஷாட், எடுத்த மொத்த ரூபாய், தாளில் இருக்கும் விகிதம், உங்கள் கணக்கில் வந்த விகிதம் எல்லாவற்றையும் வையுங்கள்.

நெட்வொர்க் ரேட் கூடிவிட்டது என்பதைப் புகாராக ஏற்கமாட்டார்கள். சொன்ன விகிதத்துக்கு மேல் எடுத்தது, கேட்காமல் டி.சி.சி. போட்டது இரண்டும் புகாருக்கு உரியவை. இரண்டாவதற்கு, நீங்கள் சம்மதிக்கவில்லை என்று குறிப்பிட்டு அந்தச் செலவைத் தகராறுக்கு உட்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். மிஷின் கொடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும். அதில் இரண்டு கரன்சியும் ரேட்டும் அச்சாகியிருக்கும், "வாடிக்கையாளர் விருப்பப்படி" என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும். படிக்காமல் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கடினம். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் புகார் பதியலாம்.